கணேசபுரம் சப்வே மீமில் நேசமணிக்கு என்ன வேலை?

"அண்ணா, நான் திருநெல்வேலிப் பக்கம். சென்னை வியாசர்பாடிக்குக் குடிவந்து ஆறு மாசம்தான் ஆகுது. நேத்து மழையில எங்க தெரு வாட்ஸாப் குரூப்புல ஒரு மீம் வந்துச்சு. மேல கறுப்புப் பட்டையில `#Pray_for_Ganesapuram`னு இருக்கு. நடுவுல வடிவேலு தலையில சுத்தியல் விழுற படம். சுத்தியல் மேல 'ரெண்டு மணி நேர மழை', தலை மேல 'கணேசபுரம் சப்வே'ன்னு எழுதியிருக்கு. ஓரத்துல ஒரு மோட்டார் பம்பு, அதுக்குப் பேரு 'தேவையில்லாத ஆணி'. கீழ சிவப்புப் பட்டையில 'பிரேக்கிங்: நலம் விசாரித்தது பாகிஸ்தான்'. குரூப்புல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. ஒருத்தர் மட்டும் 'கிருஷ்ணமூர்த்தி யாருன்னு சொல்லுங்கப்பா'ன்னு கேக்குறாரு. வடிவேலுவைத் தெரியும், படமும் பார்த்திருக்கேன். ஆனா பாகிஸ்தான் எங்கேருந்து வந்துச்சு, இதுல என்ன இவ்வளவு சிரிப்பு?"

வடிவேலு முகத்தை மட்டும் பார்த்தால் இந்த மீம் பாதிதான் புரியும். இது ஒரே படத்துக்குள் மூன்று காலத்தை அடுக்கியிருக்கிறது: 2001இல் வந்த ஒரு சினிமாக் காட்சி, 2019இல் அந்தக் காட்சியை வைத்து இணையத்தில் நடந்த ஒரு கூத்து, நேற்று உங்கள் பேட்டையில் பெய்த மழை. நடுவில் இருக்கும் 2019 உங்களுக்குத் தெரியாததால்தான் பாகிஸ்தான் ஒட்டாமல் நிற்கிறது.

அடியில் இருப்பது 2001 பொங்கலுக்கு வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படம். சித்திக் இயக்கத்தில் விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா நடித்தது. அதில் வடிவேலு பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி. ஒரு பெரிய ஜமீன் பங்களாவில் வேலை நடக்கிறது. ரமேஷ் கண்ணாவின் பாத்திரமான கிருஷ்ணமூர்த்தி கையிலிருந்து ஒரு சுத்தியல் நழுவி, கீழே நிற்கும் நேசமணியின் தலையில் விழுகிறது. காட்சி அவ்வளவுதான். குரூப்பில் அந்த ஆள் கேட்ட கிருஷ்ணமூர்த்தி இவர்தான். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் மீமின் கூர்மையான பகுதியே அதில்தான் இருக்கிறது.

இப்போது 2019. அந்த வருடம் மே மாதக் கடைசியில், பாகிஸ்தானிலிருந்து நடத்தப்படும் ஒரு சிவில் இன்ஜினியரிங் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, இந்தக் கருவிக்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். அங்கே ஒரு தமிழர் நேராக முகத்தை வைத்துக்கொண்டு பதில் எழுதினார்: இதன் பெயர் சுத்தியல், எதையாவது அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை அவருடைய சொந்தக்காரப் பையனே இதைப் போட்டு உடைத்துவிட்டான், பாவம் மனிதர் என்று. அதற்குக் கீழே இன்னொரு தமிழர், அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று அக்கறையாகக் கேட்டார். அந்தக் கேள்விதான் திரி. மே 29 அன்று ட்விட்டரில் `#Pray_for_Neasamani` இந்திய டிரெண்டிங்கின் உச்சிக்கும், அங்கிருந்து உலகப் பட்டியலுக்கும் போனது. மறுநாள் மே 30, பிரதமர் மோடி இரண்டாம் முறை பதவியேற்ற நாள். நாடே டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தமிழ்நாடு ஒரு பெயின்டிங் கான்ட்ராக்டரின் தலைக்காயத்துக்குப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தது. வெளிமாநிலத்துக்காரர்கள் உண்மையிலேயே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து விசாரித்தார்கள்.

ஆக, உங்கள் மீமில் 'நலம் விசாரித்தது பாகிஸ்தான்' என்று இருப்பது அரசியல் இல்லை, எல்லைப் பிரச்சினையும் இல்லை. அந்த ஃபேஸ்புக் பக்கத்தைத்தான் குறிக்கிறது. இதைத் தெரியாத ஒருவர் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி வேறு குரூப்புக்கு அனுப்பினால் அங்கே வீண் சண்டை வரும்.

அடுத்தது டெம்ப்ளேட். மீம் போடுகிறவர்கள் டெம்ப்ளேட் என்று சொல்வது வெறும் படத்தை அல்ல, படமும் எழுத்து உட்காரும் இடமும் சேர்ந்த அச்சு. உங்கள் படத்தில் இரண்டு அச்சுகளைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். நடுப்பகுதி பெயர் ஒட்டும் அச்சு: படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆளுக்கும் வேறு பெயர் கொடுத்துவிட்டால், பழைய காட்சி புதுக் கதை சொல்லும். பத்திரிகை கார்ட்டூன்களில் பூதத்தின் வயிற்றில் 'விலைவாசி' என்று எழுதுவார்களே, அதே வேலைதான். இணையத்தில் இந்த அச்சைப் பரவலாக்கியதில் பெரிய பங்கு 2017இல் சுற்றிய ஒரு ஸ்பெயின் நாட்டுப் புகைப்படத்துக்கு உண்டு. காதலி பக்கத்தில் இருக்கும்போதே ஒருவன் கடந்துபோகும் இன்னொரு பெண்ணைத் திரும்பிப் பார்ப்பானே, அந்தப் படம். அதில் மூன்று பேருக்கும் மூன்று பெயர் ஒட்டுவார்கள். உங்கள் மீமிலும் இலக்கணம் அதேதான், ஆள் மட்டும் நம்ம ஆள்.

மேலும் கீழும் இருக்கும் பட்டைகள் இரண்டாவது அச்சு. மேலே இரங்கல் பட்டை, கீழே டிவி நியூஸ் பட்டை. 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலின்போது `#PrayForParis` உலகம் முழுக்க ஓடியது. அதிலிருந்து எங்கே விபரீதம் நடந்தாலும் அதே வடிவில் ஒரு ஹேஷ்டேக் கிளம்பும். 2019இல் செய்தது அந்தத் துக்க வடிவத்தை நேசமணிக்குப் போட்டதுதான். உங்கள் மீமைச் செய்தவர் எதிலிருந்து எடுத்தார் என்பதற்கு ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. பாரிஸ் ஹேஷ்டேக்கில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும். நேசமணி ஹேஷ்டேக்கில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். உங்கள் படத்தில் அடிக்கோடு இருக்கிறது. ஆக, அவர் பாரிஸை அல்ல, நேசமணியைத்தான் நகலெடுத்தார். வேறு மீம்களில் நேசமணி பெயரை `Neasamani` என்று ஓர் எழுத்து கூடுதலாக எழுதியிருந்தாலும் அது கைப்பிழை என்று நினைக்காதீர்கள். டிரெண்டான ஹேஷ்டேக்கிலேயே அப்படித்தான் இருந்தது, தெரிந்தவர்கள் வேண்டுமென்றே அப்படியே வைத்திருப்பார்கள்.

சரி, சிரிப்பு எங்கே? 2019 கூத்தில் சிரிப்பு சுத்தியலில் இல்லை. 18 வருடத்துக்கு முன்பு, அதுவும் சினிமாவில் நடந்த ஒரு விபத்தை, இப்போதுதான் நடந்த அவசரச் செய்தி மாதிரி எல்லோரும் பதறியதில் இருந்தது. எல்லோருக்கும் மனப்பாடமான விஷயம், ஆனால் யாரும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அதைத்தான் உங்கள் குரூப் ஆள் கணேசபுரத்துக்குப் பொருத்தியிருக்கிறார். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பது வியாசர்பாடிக்காரர்களுக்குப் புதுச் செய்தியே இல்லை. பெருமழை வந்தால் முதலில் மூடும் சுரங்கப்பாதைகளில் அதுவும் ஒன்று என்று அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் 'பிரேக்கிங்' என்று வரும். பழைய விஷயம் புதுச் செய்தியாக வருகிறது என்ற அந்த ஒற்றுமைதான் இந்த மீமின் முதுகெலும்பு. வெறுமனே 'மழை அடித்தது, சப்வே அடி வாங்கியது' என்று சொல்ல வடிவேலு அடிவாங்கும் நூறு காட்சிகள் இருக்கின்றன. அவற்றை விட்டு இதை எடுத்ததற்குக் காரணம் இதுதான். நல்ல மீமுக்கும் சும்மா ஒட்டிய மீமுக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும்: படம் மட்டும் பொருந்தினால் போதாது, அந்தப் படத்துக்கு இணையத்தில் என்ன நடந்ததோ அதுவும் பொருந்த வேண்டும்.

வடிவேலுவின் எந்தப் பாத்திரம் என்பதையும் சரியாகப் பிடிக்க வேண்டும். தெரியாதவர்கள் 'வடிவேலு மீம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள், பொருள் அங்கேயே நழுவிவிடும். 2003இல் வந்த 'வின்னர்' படத்துக் கைப்புள்ள சவடால் விட்டு அடிவாங்குகிறவர். அந்த முகத்தைப் போட்டால் 'பேச்சுதான் பெரிசு' என்று கேலி செய்வதாக ஆகும். 2006இன் புலிகேசி அதிகாரத்தில் இருந்துகொண்டு கோமாளித்தனம் செய்கிறவர். அவரைப் போட்டால் குறி ஆட்சி மேல் போகும். நேசமணி சவடாலும் விடவில்லை, யார் வம்புக்கும் போகவில்லை. தன் வேலையைப் பார்க்க வந்து நின்ற இடத்தில், மேலேயிருந்து விழுந்ததை வாங்கிக்கொண்டவர். சுரங்கப்பாதைக்கு அந்தத் தலையைக் கொடுத்ததில் அந்த இடத்தின் மேல் ஒரு பாசம் இருக்கிறது. அது குழி, அது என்ன செய்யும், விழுவதை வாங்குகிறது. வடசென்னையில் இந்த மீம் இவ்வளவு ஒட்டியதற்கு அந்தப் பாசம்தான் காரணம் என்பது என் எண்ணம். மற்ற முகங்களைப் போட்டிருந்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோயிருப்பார்கள்.

நேசமணி ஒரு கான்ட்ராக்டர் என்பதையும் மறக்க வேண்டாம். தெரு, கால்வாய், பாலம் என்று எந்த வேலை நடந்தாலும் 'கான்ட்ராக்டர்' என்ற சொல் நம் வாயில் வரும். மீமில் அந்தச் சொல் எழுதப்படவில்லை, ஆனாலும் நேசமணி முகத்தைப் பார்த்ததும் அது தானாக மனசில் வந்துவிடுகிறது. ஆனால் இங்கே ஒரு சின்ன முரண் இருக்கிறது: அடிவாங்குகிறவரும் அவர், கான்ட்ராக்டரும் அவர். அடிபட்டவர் என்று படித்தால் இரக்கம் வருகிறது, கான்ட்ராக்டர் என்று படித்தால் குத்தல் வருகிறது. செய்தவர் தலையின் மேல் 'கணேசபுரம் சப்வே' என்று எழுதியதால் முதல் வாசிப்புதான் அவர் நினைத்தது. இரண்டாவது, பார்க்கிறவர்கள் தாமாகச் சேர்த்துக்கொள்வது.

இனி அந்தப் பம்பு. 'தேவையில்லாத ஆணி' என்ற சொல்லும் அதே படத்தில்தான் பிறந்தது. ஆணி பிடுங்கும் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சியிலிருந்து இரண்டு சொல்வழக்குகள் பேச்சுக்கு வந்தன, இரண்டையும் குழப்பக் கூடாது. 'தேவையில்லாத ஆணி' என்றால் இருந்தும் பயனில்லாதது, இந்த இடத்துக்கு இது எதற்கு என்று பொருள். 'ஆணியே புடுங்க வேணாம்' என்றால் நீ செய்யவே வேண்டாம், நிறுத்து என்று பொருள். மீமில் இருப்பது முதலாவது. பம்பை நிறுத்தச் சொல்லவில்லை, வைத்தும் பலன் தெரியவில்லையே என்கிறது.

அதில் உண்மை எவ்வளவு என்று தெரிந்தால் சிரிப்பு இன்னும் புரியும். கணேசபுரம் சுரங்கப்பாதை ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் போகிறது. சுற்றியிருக்கும் தெருக்களைவிடத் தாழ்வு. நாலா பக்கத்து மழைநீரும் அங்கேதான் இறங்கும், இறங்கிய தண்ணீர் தானாக மேலே ஏறாது, இறைத்துத்தான் ஆக வேண்டும். இறைத்த தண்ணீரை வெளியேற்ற மழைநீர் வடிகாலும், அந்தப் பக்கத்து வடிகால்கள் போய்ச் சேரும் ஓட்டேரி நல்லா ஓடையும் பக்கிங்காம் கால்வாயும்தான் வழி. இந்தப் பகுதி கடலுக்குப் பக்கத்தில், சரிவே இல்லாத தட்டை நிலம். விடாமல் மழை பெய்து கால்வாய் விளிம்பு வரை நிரம்பிவிட்டால், வடிகால் தண்ணீரை வாங்காது, பம்பு ஓடிக்கொண்டே இருந்தாலும் மட்டம் இறங்காது. பார்க்கிறவருக்கு மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர் அப்படியே நிற்கிறது. 'தேவையில்லாத ஆணி' அங்கே பிறந்தது.

இந்த ஒட்டுப்பெயரோடு எனக்கு உடன்பாடு இல்லை. மழை விட்ட பிறகு, கால்வாய் மட்டம் இறங்க ஆரம்பித்ததும், அந்தப் பாதையைக் காலிசெய்வது அதே பம்புதான். பம்பு இல்லையென்றால் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். மீம் மழை உச்சத்தில் இருந்த ஒரு நிமிடத்தைப் பிடித்துச் சொல்கிறது, அந்த நிமிடத்துக்கு அது சரி. மறுநாள் மத்தியானத்துக்குச் சரியில்லை. மீமைப் பார்த்துவிட்டு 'பம்பே வேண்டாம்' என்று யாராவது பேச ஆரம்பித்தால் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

இப்போது கிருஷ்ணமூர்த்தி. படத்தை இன்னொரு முறை பாருங்கள். சுத்தியலுக்குப் பெயர் இருக்கிறது, தலைக்குப் பெயர் இருக்கிறது, ஓரத்தில் இருக்கும் பம்புக்கும் இருக்கிறது. சுத்தியலை நழுவவிட்ட கைக்கு மட்டும் பெயர் இல்லை. இது மறதி இல்லை. பெயர் ஒட்டும் அச்சில் ஓர் ஆளை வேண்டுமென்றே வெறுமையாக விடுவது தெரிந்தே செய்கிற உத்தி, பார்க்கிறவர் அந்த இடத்தைத் தாமாக நிரப்புவார். சுத்தியல் மழை என்று சொல்லிவிட்டார்கள், மழையை யாரும் நழுவவிடுவதில்லை. அப்படியானால் நழுவியது என்ன? தூர்வாராத கால்வாயா, குப்பையைக் கொட்டி அடைத்த நாமா, தாழ்வான இடத்தில் பாதை போட்ட பழைய திட்டமா? குரூப்பில் ஒருவர் 'கிருஷ்ணமூர்த்தி யாரு' என்று கேட்டதன் பொருள் இதுதான், அவர் படம் பார்க்காதவர் இல்லை. அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் வருகிறது: படத்தில் கிருஷ்ணமூர்த்தி வெளி ஆள் இல்லை, நேசமணியின் சொந்தக்காரன். அடித்தது நம்ம ஆள்தான் என்ற குத்தல் அதற்குள் இருக்கிறது. இந்த மீமிலேயே ஆழமான அடுக்கு இது, வேண்டுமென்றே எழுதாமல் விட்ட அடுக்கும் இதுதான்.

இதே மாதிரி வேறு மீம் வந்து புரியாவிட்டால், கண் முதலில் முகத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பட்டைகளைப் படியுங்கள், ஹேஷ்டேக் எந்த வடிவம் என்று பாருங்கள். பிறகு எதற்கெல்லாம் பெயர் ஒட்டியிருக்கிறது, எதற்கு ஒட்டவில்லை என்று பாருங்கள். கடைசியில்தான் முகம். அசல் காட்சியைத் தேட கூகுள் லென்ஸில் முழுப் படத்தையும் போடாதீர்கள். பட்டைகளில் இருக்கும் எழுத்தை அது பிடித்துக்கொண்டு மழைச் செய்திகளைக் காட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேல் கீழ்ப் பட்டைகளையும் ஒட்டுப்பெயர்களையும் முடிந்தவரை வெட்டிவிட்டு, முகமும் சுத்தியலும் மட்டும் இருக்கும்படி தேடினால் காட்சி கிடைக்கும். பல முறை ஃபார்வர்ட் ஆகி மங்கிய படம் என்றால், குரூப்பில் முதலில் போட்டவரிடமிருந்து தெளிவான படத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வகை மீமில் தண்ணீர் நிற்கும் சப்வேயின் நிஜப் புகைப்படமும் சில நேரம் சேர்ந்து வரும். யாராவது வடிவேலுவை வெட்டிவிட்டு, சிவப்புப் பட்டையையும் தண்ணீர்ப் படத்தையும் மட்டும் அனுப்பினால் அது மீம் இல்லை, பொய்ச் செய்தி. படம் போன வருடத்தது ஆக இருக்கலாம், பாதை இப்போது திறந்தும் இருக்கலாம். இதைவிட மோசம் தலைகீழாக நடப்பது: நிஜமாகவே மூடியிருக்கும்போது 'மீம்தானே' என்று வண்டியை இறக்கிவிடுவது. தேங்கிய தண்ணீரில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, நடுவில் இன்ஜின் நின்றால் மீள்வது கஷ்டம். மழை நாளில் கிளம்பும் முன் போக்குவரத்துப் போலீஸ் அன்றைக்கு வெளியிட்ட அறிவிப்பைப் பாருங்கள். தடுப்பு வைத்திருந்தால் பேசின் பிரிட்ஜ் பக்கமோ பெரம்பூர் பக்கமோ சுற்றிப் போங்கள்.

குரூப்பில் நீங்களும் பதில் போட விரும்பினால், 'ஹாஹா' போட வேண்டாம், கிருஷ்ணமூர்த்திக்கு யார் பெயரையும் சொல்லவும் வேண்டாம். பெயரைச் சொன்னதும் அந்த வெற்றிடம் அடைபட்டு, பேச்சு கட்சிச் சண்டையாகும். 2019இல் அந்தத் தமிழர் கேட்டதைக் கேளுங்கள்: "இப்போ எப்படி இருக்காரு?" மீமின் விதிப்படி அதற்கு யாராவது முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் தண்ணீர் மட்டத்தைச் சொல்வார்கள், முழங்கால் வரை இருக்கிறது, கணுக்காலுக்கு இறங்கிவிட்டது என்று. உங்களுக்கு வேண்டிய தகவலும் அதிலேயே கிடைத்துவிடும்.